ஊருணிக் கல்லில் ராஜா பெயர்; உத்தரவு யாருடையது?

“கடியாபட்டி பக்கம் எங்கள் ஊர் ஊருணிக் கல்லில் ‘கர வருஷம், மகாராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவர்கள் காலத்தில்’ என்று இருக்கிறது. கும்பாபிஷேக மலரில் ‘மன்னர் ஆணையிட்டு வெட்டிய ஊருணி’ என்று போடலாமா? அவர் ஆட்சி எப்போது தொடங்கியது?”

போடாதீர்கள். கர வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1831-இல் வந்தபோது ராஜா வேறொருவர். 1951-இல் வந்தபோது புதுக்கோட்டை சமஸ்தானமே இல்லை. ஆக, உங்கள் கல் 1891 சித்திரைக்கும் 1892 பங்குனிக்கும் இடையில் பொறித்தது.

மார்த்தாண்ட பைரவர் 1875 நவம்பரில் பிறந்தவர். ராமச்சந்திர தொண்டைமான் 1886 ஏப்ரலில் காலமானதும் பட்டம் இவருக்கு வந்தது. அப்போது வயது பத்து. கல் வைத்த காலத்தில் பதினாறைச் சுற்றித்தான் இருந்திருப்பார். பட்டம் அவருடையது, அதிகாரம் திவான்-ரீஜென்ட் சேஷய்ய சாஸ்திரியுடையது. சமஸ்தானத்தில் குளங்களைச் சீர்செய்வதில் பேர்போனவர் அவர்.

சரி, சொந்த ஆட்சி எப்போது? பதினெட்டு முடிந்த நாள் என்று பலர் கணக்குப் போட்டு 1893 என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. ஆங்கிலேய அரசு முழு அதிகாரத்தை ஒப்படைத்தது 1894 நவம்பரில்தான். ஆட்சியாண்டை எண்ணப் பட்டம் வந்த நாள். உத்தரவு யாருடையது என்று சொல்ல அதிகாரம் வந்த நாள். இரண்டையும் குழப்பாதீர்கள்.

மதுரையில் ராணி மங்கம்மாள் கைக்குழந்தைப் பேரனுக்காக 1689 முதல் ஆண்டதும் இதே கதைதான். பட்டம் பேரனுக்கு, ஆட்சி பாட்டிக்கு.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. ‘ரீஜென்ட்’ என்று கண்டால் ராஜா சிறுவன் என்று முடிவுகட்டாதீர்கள். இதே மார்த்தாண்ட பைரவர் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அந்த ராணியை ஆங்கிலேய அரசு அங்கீகரிக்கவில்லை. ராஜா வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். 1922-இல் சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜென்ட் ஆனார். ராஜாவுக்கு அப்போது வயது நாற்பத்தாறு! 1928-இல் பாரிஸில் இறக்கும்வரை பட்டம் மட்டும் அவரிடம். அடுத்து ஆறு வயது ராஜகோபால தொண்டைமான். அவர் கைக்கு அதிகாரம் வந்தது 1944 ஜனவரியில். ஆக, 1925-லும் 1935-லும் ராஜா கையில் அதிகாரம் இல்லை, காரணம் வேறு.

அப்புறம், மலர் சீசனில் ‘ராஜ வம்சாவளி தயார்’ என்று வருகிற ஆசாமிகள். ஒரே ராஜ முத்திரைப் படத்தையும் ஒரே ‘ஆணையிட்டார்’ வாக்கியத்தையும் ஊர் பெயரை மட்டும் மாற்றி விற்கிறார்கள். இரண்டு ஊர் மலர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிடிபடும். காசு கொடுக்காதீர்கள். அந்த ஆண்டுகளின் சமஸ்தான நிர்வாக அறிக்கையை ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். நான் ஒரு பக்க நகலுக்கு நான்கு முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு படிவம் நீட்டினார்கள். அலைந்தாலும் அதுதான் சான்று.

மலரில் இப்படிப் போடுங்கள்: ‘மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பட்டத்தில் இருந்த கர வருஷம், 1891-92, நிர்வாகம் திவான்-ரீஜென்ட் சேஷய்ய சாஸ்திரி.’ ஊருணி வெட்டக் காசு கொடுத்தவர் பெயர் கல்லின் கீழ் வரிகளில் இருக்கிறதா என்று சுண்ணாம்பைச் சுரண்டாமல், ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.