பெட்டியில் இருக்கும் பணத்துக்கும் வரி உண்டு

கேள்வி: விலைவாசி உயர்வு கண்ணுக்குத் தெரியாத வரி என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். வரி என்றால் சட்டம் உண்டு, ரசீது உண்டு. அரசாங்கம் நோட்டு அடித்து எங்கள் மேல்மலைக்கு ரோடு போட்டால் என் பையிலிருந்து என்ன போகிறது? எல்லா விலையும் ஏறினால் என் பூண்டு விலையும் சேர்ந்துதானே ஏறும்?
– பூண்டு விவசாயி, மன்னவனூர்

பதில்: உங்கள் வாதத்தில் பலமான இடம் அந்தப் பூண்டு விலைதான். அங்கிருந்தே தொடங்குகிறேன். எல்லா விலையும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்றால், பரணில் காயும் பூண்டின் விலையும் ஏறும். அது பூண்டாக இருக்கும்வரை உங்களுக்கு நஷ்டமில்லை. வடுகபட்டி சந்தையில் விற்றுக் காசாக்கி ஊர் திரும்பியதிலிருந்து கணக்கு வேறு. கையில் இருக்கும் நோட்டுக்கு விலை ஏறாது.

அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு, உரம், ஆள்கூலி, வீட்டுச் செலவு, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி என்று நீங்கள் எப்போதும் 60,000 ரூபாய் ரொக்கம் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஓராண்டு கழித்து அதே விதைக்கும் உரத்துக்கும் கூலிக்கும் 63,600 ரூபாய் வேண்டும். பெட்டியில் இருப்பதோ அதே 60,000. குறையும் 3,600 ரூபாயை எங்கிருந்து எடுப்பீர்கள்? இந்த ஆண்டு விற்ற பூண்டிலிருந்துதான். வீட்டுக்கு வாங்கியிருக்க வேண்டிய ஏதோ ஒன்றை வாங்காமல் விட்டு, அந்தக் காசைப் பெட்டியில் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டு வருவீர்கள். முன்பு எவ்வளவு வாங்க முடிந்ததோ அவ்வளவுதான் இப்போதும் வாங்க முடியும். 3,600 ரூபாய்ப் பூண்டு மட்டும் உங்களை விட்டுப் போய்விட்டது.

அது யாரிடம் போனது என்பதுதான் முக்கியம். புதிதாகச் சேர்த்து வைத்த அந்த 3,600 ரூபாய் நோட்டுகள் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அவற்றை முதலில் செலவழித்தவர் யாரோ அவர் பொருளை வாங்கிக்கொண்டார், நீங்கள் பொருளைக் கொடுத்துவிட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டீர்கள். முதலில் செலவழித்தது அரசு என்றால், நீங்கள் அரசுக்கு வரி கட்டியிருக்கிறீர்கள். பணவீக்கம்தான் வரி விகிதம். உங்கள் ரொக்கம்தான் வரி விதிக்கப்பட்ட தொகை.

இப்போது ரோட்டுக்கு வருவோம். ரோடு நோட்டால் ஆவதில்லை. ஜல்லி, தார், டீசல், ஜேசிபி, ஆட்கள் இவற்றால் ஆவது. இவை எதையும் அச்சடிக்க முடியாது. வரி வாங்கி ரோடு போட்டால், வரி கொடுத்தவர் தன் செலவைச் சுருக்குகிறார். அவர் விட்ட டீசலும் ஆளும் ரோட்டுக்குக் கிடைக்கிறது. புதுப் பணத்தில் போடும்போது யாரும் முன்கூட்டிச் சுருக்கவில்லை. எல்லோரும் வாங்குகிற சந்தைக்குள் காண்ட்ராக்டரும் புதுப் பணத்தோடு வருகிறார். உங்கள் தோட்டத்தில் களையெடுக்க வரவேண்டிய ஆட்கள், கூலி கூடக் கிடைக்கிறது என்று ரோட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களை இழுக்க நீங்களும் கூலியை ஏற்றுகிறீர்கள். கூலி வாங்கியவர்கள் மளிகைக் கடைக்குப் போகிறார்கள், அங்கேயும் விலை ஏறுகிறது. முதல் கையாக வந்த அரசு பழைய விலைக்கு வாங்கியது. பணம் நாலைந்து கை மாறி வந்தபின் வாங்குகிறவர்களுக்குப் புது விலை. ரோட்டுக்கான பொருள் இப்படித்தான் மற்றவர்களிடமிருந்து எடுக்கப்படுகிறது.

ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேல்மலைக்கு நல்ல ரோடு வேண்டும், கேட்டு வாங்க வேண்டும். அதற்கான செலவைச் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைத்து, இன்னாரிடம் இவ்வளவு என்று சொல்லி வாங்க வேண்டும் என்பதே என் வாதம்.

அரசு புதுப் பணத்தில் செலவழிப்பது கற்பனைக் கதையல்ல. நம் நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இது ஒரு நிர்வாக ஏற்பாடாகவே நடந்தது. 1955ல் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ரிசர்வ் வங்கியில் அரசின் கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் குறைந்தது 50 கோடி, மற்ற நாட்களில் 4 கோடி ரூபாய் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், 91 நாள் தவணை கொண்ட அட்ஹாக் கருவூலப் பத்திரம் என்ற அரசின் கடன் சீட்டு தானாகவே உருவாகும். பத்திரம் ரிசர்வ் வங்கிக்கு, அதற்கு ஈடான புதுப் பணம் அரசின் கணக்குக்கு. யாரும் விவாதிக்க வேண்டியதில்லை, யாரும் கையைத் தூக்கி ஓட்டுப் போட வேண்டியதில்லை. 1974 முதல் அதற்கு வட்டி 4.6 சதவீதம் என்று நிலையாக வைத்தார்கள். தவணை முடிந்தால் புதுப் பத்திரம். கடன் மலைபோலக் குவிந்தபோது, அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும் தேதியே இல்லாத சிறப்புப் பத்திரங்களாக மாற்றினார்கள். 1991ல் நுகர்வோர் விலைவாசி 13 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 4.6 சதவீத வட்டியில் கடன், 13 சதவீத விலை உயர்வு. அந்த வித்தியாசம் யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது, 1994 செப்டம்பரில் இதைப் படிப்படியாக நிறுத்த அரசோடு உடன்பாடு ஏற்பட்டது. 1997 ஏப்ரலில் அட்ஹாக் பத்திரங்கள் முடிவுக்கு வந்தன. அவற்றுக்குப் பதிலாக, வரம்பும் தவணையும் கொண்ட தற்காலிக முன்பணம் வந்தது. 2006 ஏப்ரல் முதல், அரசு வெளியிடும் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கவும் சில விதிவிலக்குகள் தவிரச் சட்டத்தில் தடை.

அப்படியென்றால் இன்று அந்த வரி இல்லையா? இருக்கிறது, வேகம் குறைவு, வழி வேறு. ரிசர்வ் வங்கி இப்போது அரசுப் பத்திரத்தை வங்கிகளிடமிருந்து சந்தையில் வாங்கலாம். அதற்குக் கொடுப்பது புதிதாக உருவாக்கிய பணம். பத்திரத்துக்கு அரசு கட்டும் வட்டி ரிசர்வ் வங்கிக்குப் போய், ஆண்டு முடிவில் உபரியாக அரசுக்கே திரும்புகிறது. நோட்டு வைத்திருக்கும் உங்களுக்கும் எனக்கும் ரிசர்வ் வங்கி வட்டி தருவதில்லை அல்லவா? மக்கள் கையில் இருக்கும் நோட்டு மொத்தமும் ஒருவகையில் வட்டியில்லாக் கடன். 2024-25 கணக்கில் ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி 2,68,590 கோடி ரூபாய். அது முழுவதும் இந்த வழியில் வந்ததல்ல. டாலர் விற்ற லாபமும் வெளிநாட்டுப் பத்திரங்களின் வட்டியும் அதில் சேர்ந்தவை.

வரியின் அளவு தெரிய வேண்டுமானால் இப்படிப் பாருங்கள். 2024 மார்ச்சில் நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பு சுமார் 35 லட்சம் கோடி. விலைவாசி 1 சதவீதம் ஏறினால், அந்த நோட்டுகளின் வாங்கும் சக்தியில் சுமார் 35,000 கோடி கரைகிறது. இது யாரிடமிருந்து அதிகம் போகிறது? நிலமும் கட்டடமும் வைத்திருப்பவரிடமிருந்து அல்ல, அவற்றின் விலையும் கூடவே ஏறிக்கொள்ளும். கடன் வாங்கியவருக்கு லாபம்கூட உண்டு, நாட்டிலேயே பெரிய கடனாளி அரசுதான். பணம் பெரும்பாலும் ரொக்கமாகவே இருக்கிறவர்தான் இதைக் கட்டுகிறார். உங்கள் தோட்டத்துக்குக் களையெடுக்க வருகிற அம்மா, அரிசி டப்பாவில் வைத்திருக்கும் ஐயாயிரத்துக்கும் இந்த வரி உண்டு. வருமான வரியில் ஏழைக்கு விலக்கு இருக்கிறது. இதில் கிடையாது. என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான்.

பேங்கில் போட்டால் தப்பிக்கலாமே என்பீர்கள். பாதி தப்பிக்கலாம். ஒரு லட்சம் டெபாசிட், வட்டி 6.5 சதவீதம், விலை உயர்வு 6 சதவீதம். வட்டியாக வரும் 6,500 ரூபாயில் 6,000 உங்கள் முதலின் மதிப்பு குறையாமல் காக்கவே சரியாகிவிடும். உண்மையான வருமானம் 500. ஆனால் வருமான வரிக்காரர் 6,500 முழுவதையும் வருமானம் என்றே கணக்கில் எடுப்பார். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு 1,300 போய்விடும். மிஞ்சும் 5,200, முதலைக் காக்கவே 800 ரூபாய் பற்றாது. அதோடு, வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் ஒரு பங்கை அரசுப் பத்திரங்கள் போன்றவற்றில் போட்டாக வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த வழியில் உங்கள் டெபாசிட்டில் ஒரு பகுதியும் அரசுக்கே கடனாகப் போகிறது. 1990 வாக்கில் அது 38.5 சதவீதம். 2020 முதல் 18 சதவீதம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு விலை உயர்வும் வரியல்ல. 2024ல் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியது நோட்டு அடித்ததால் அல்ல, வரத்து குறைந்ததால். அந்தப் பணம் வாங்கியவரிடமிருந்து உங்களைப் போன்றவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் போனது, அரசுக்கு அல்ல. அதேபோல, புதுப் பணமெல்லாம் விலையை ஏற்றும் என்றும் இல்லை. ஊரடங்குக் காலத்தில் கொடைக்கானலில் டாக்ஸிகளும் விடுதிகளும் சும்மா கிடந்தன. அப்படிச் சும்மா கிடக்கும் கைகளைப் புதுப் பணம் வேலைக்கு அழைத்தால், யாரிடமிருந்தும் எடுக்காமலே பொருள் கூடும். உற்பத்தி வளரும்போது மக்களுக்கே கூடுதல் ரொக்கம் தேவைப்படும், அந்த அளவுக்குப் பணம் கூடுவதும் விலையை ஏற்றாது. எல்லோருக்கும் வேலை இருக்கும்போது, உற்பத்தியைவிட வேகமாகப் பணம் கூடினால்தான் மற்றவர் பையில் கை விழுகிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு பொருளின் விலையைப் பார்த்தால் போதாது. பூண்டு, கூலி, பஸ் கட்டணம், சிமெண்ட், டீ என்று சம்பந்தமில்லாதவை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றனவா, வட்டி அந்த ஏற்றத்துக்குக் கீழேயே நிற்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி வாராவாரம் வெளியிடும் புள்ளிவிவரத்தில், அரசுக்கு அது கொடுத்திருக்கும் நிகரக் கடன் என்று ஓர் எண் இருக்கும். அதுவும் கூடவே ஏறிக்கொண்டிருந்தால், நீங்கள் கேட்ட ரசீது அதுதான்.