டிரையல் 10ஆம் தேதி முடியும் என்றால் அமெரிக்காவில் எப்போது கேன்சல் செய்ய வேண்டும்?

"செங்கோட்டையில் இருந்தபோது ஜூன் 3 காலை 7 மணிக்கு ஒரு ஆப்பில் 7 நாள் இலவச டிரையல் எடுத்தேன். 6ஆம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போகிறேன். 10ஆம் தேதி ராத்திரி கேன்சல் செய்தால் போதுமா?"

போதாது, பணம் போய்விடும். பெரும்பாலும் டிரையல் தொடங்கிய நொடியிலிருந்துதான் கணக்கு ஓடும். உங்களுக்கு அது முடிவது 10ஆம் தேதி காலை 7 மணி, இந்திய நேரம். ஜூனில் நியூஜெர்சி நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அப்படியென்றால் அங்கே அது 9ஆம் தேதி இரவு 9.30. அங்கே 10 பிறக்கும் முன்பே கெடு முடிந்துவிடுகிறது. போன் கடிகாரம் ஊருக்கு ஊர் மாறும். சர்வர் கடிகாரம் மாறாது.

ஐபோனில் ஆப்பிள் வழியாக எடுத்திருந்தால் இன்னும் இறுக்கம். முடிவதற்கு 24 மணி நேரமாவது முன்னால் கேன்சல் செய்யச் சொல்கிறார்கள். உங்கள் கணக்கில் அது 8ஆம் தேதி இரவு 9.30.

தொடங்கிய நேரம் மறந்துவிட்டதா? அன்று வந்த மெயிலைப் பாருங்கள். ஆனால் அமெரிக்காவில் திறந்தால் ஜிமெயில் 2ஆம் தேதி இரவு 9.30 என்றுதான் காட்டும். தப்பில்லை, அதே நொடிதான். அதோடு 7 நாள் கூட்டுங்கள். சந்தா பக்கத்தில் நேரமில்லாமல் வெறும் தேதி மட்டும் இருந்தால், அது எந்த நாட்டுத் தேதி என்று சொல்ல முடியாது. ஒரு நாள் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏறும் முன் கேன்சல் செய்வதே மேல். சில ஆப்கள் அப்போதே பூட்டிவிடும், அதை மட்டும் முதலில் பாருங்கள். முடித்தபின் உறுதி மெயில் வந்ததா என்றும் பார்த்துவிடுங்கள்.