பிச்சை என்ற பெயரை இங்கிலீஷில் என்ன செய்வது?

காரைக்குடி, சப்டைட்டிலுக்குப் புதியவர்: பெயரை மொழிபெயர்க்கவே கூடாது, அதுதானே விதி?

பாதி சரி தம்பி. இயற்பெயரை அப்படியே விடச் சொல்லும் நெட்ஃபிளிக்ஸ் வழிகாட்டியே, பட்டப்பெயருக்குக் குறிப்பிட்ட பொருள் இருந்தால் மொழிபெயர்க்க இடம் கொடுக்கிறது. சொக்கலிங்கம் சொக்கலிங்கமாகவே இருக்கட்டும். ஊரே அவரைக் 'கருமி' என்று கூப்பிட்டால், Karumi என்று எழுதி யாருக்கு என்ன லாபம்?

தேவகோட்டை: நாயகன் பெயர் பிச்சை. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் பசங்க கேலி செய்கிறார்கள், கடைசியில் அம்மா காரணம் சொல்கிறாள். எப்படிக் கொண்டுவருவது?

பெயரில் கை வைக்காதீர்கள், Pichai என்றே போகட்டும். பொருளைச் சுற்றியுள்ள வசனத்தில் ஏற்றுங்கள்.

சிக்கல் என்னவென்றால், பசங்க சொல்லும் பிச்சையும் அம்மா சொல்லும் பிச்சையும் தமிழில் ஒரே சொல். அம்மா வசனத்துக்கு 'ஆம்ஸ்' என்று போட்டால் இங்கிலீஷில் இரண்டும் தனித்தனியாகிவிடும், காட்சி செத்துவிடும். அதனால் பள்ளிக்கூடக் காட்சியிலேயே, பெயரோடு ஒட்டி, 'பிச்சை த பெக்கர்' என்று கத்தவிடுங்கள். பெயரின் பொருள் பார்வையாளருக்கு அங்கேயே தெரிந்துவிடும். பிறகு அம்மா, 'ஐ பெக்டு த காடஸ் ஃபார் யூ' என்கிறாள். பெக்கர், பெக்டு, வேர் ஒன்று. வரிக்கு 42 எழுத்து என்ற கணக்கில் அது ஒரே வரியில் அடங்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, தமிழ் தெரியாத ஒருவரிடம் சப்டைட்டிலோடு அந்தக் காட்சிகளை ஓட்டிக் காட்டுங்கள். அம்மா பேசும்போது அவருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரவில்லை என்றால், முதல் காட்சியில் பெயரும் கேலியும் ஒட்டவில்லை.

அதே தேவகோட்டைக்காரர்: நாவல் என்றால் அடிக்குறிப்பு போட்டுவிடலாமே?

போடலாம். ஆனால் அம்மா அழும் இடத்தில் வாசகரைப் பக்கத்தின் அடிக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. நாவலில்தான் இடம் தாராளமாக இருக்கிறதே, அம்மாவையே இன்னொரு வாக்கியம் பேசவிடுங்கள்.

கண்டனூர்: என் பேர் உமையாள். பாஸ்போர்ட்டில் Umayal, பத்திரத்தில் Umaiyal. எதைச் சரிசெய்வது?

ஆச்சி, அது வக்கீலைக் கேட்க வேண்டிய பஞ்சாயத்து! ஆனால் சப்டைட்டிலிலும் இது உண்டு. கல்யாணப் பத்திரிகையோ வீட்டுப் பெயர்ப்பலகையோ இங்கிலீஷில் திரையில் தெரிந்தால், அதிலுள்ள ஸ்பெல்லிங்தான் படம் முழுக்க. வேலை தொடங்கும்போதே பெயர்ப் பட்டியல் போட்டுக்கொள்வது அதற்குத்தான்.

பள்ளத்தூர், பல வருடம் மொழிபெயர்ப்பவர்: 'மெய்யம்மை ஆச்சி'யில் ஆச்சியை என்ன செய்கிறீர்கள்? நான் எடுத்துவிடுகிறேன்.

நான் விட்டுவைப்பேன். திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி பாட்டி, நம் பக்கம் அக்கா. 'கிராண்ட்மா' என்று போட்டு முப்பது வயதுப் பெண்ணைக் கிழவியாக்கிய சப்டைட்டிலை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தம்பி வெறுமனே 'ஆச்சி' என்று கூப்பிடும் முதல் காட்சியில், அவள் அக்கா என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? அங்கே மட்டும் 'சிஸ்' போட்டால் பிறகு வரும் Aachi யாரோ வேற்றாள் போலத் தெரியும். நீங்கள் எடுத்துவிடுவதில் அந்தக் குழப்பம் இல்லை, மரியாதையும் இல்லை. உங்களிடம் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.