லேப்டாப்பில் சரி, போனில் தவறு

"அதே பாஸ்வேர்டுதான். லேப்டாப்பில் உள்ளே போகிறது, போனில் தவறு என்கிறது."

கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றி, பெட்டியில் இருப்பதை முழுக்க அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அடியுங்கள். மேலே வரும் பரிந்துரைச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

பெரும்பாலும் கோளாறு அங்கேதான். பரிந்துரையைத் தொட்டால் பின்னால் ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொள்ளும். சில ஆப்களில் முதல் எழுத்தும் பெரிய எழுத்தாகிவிடும். இடைவெளியும் பாஸ்வேர்டில் ஓர் எழுத்தாகத்தான் கணக்காகும்.

புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். `malai4729` என்றால் 9 புள்ளிதான் வரவேண்டும். 10 இருந்தால் கடைசியில் இடைவெளி. எண்ணிக்கை சரியென்றால் கண் படத்தைத் தட்டி, `m` என்பது `M` ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சல் முகவரிப் பெட்டியையும் விட்டுவிடாதீர்கள், அங்கேதான் பரிந்துரை அதிகம் நுழையும்.

பாஸ்வேர்டு சரியாகத் தெரிந்தும் மறுத்தால் காரணம் கீபோர்டு இல்லை. மேலும் முயன்றால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படலாம்; அதோடு நிறுத்திவிடுங்கள்.