அப்பாவின் பி.எஸ்.ஏ 14.2: இரத்தம் எப்போது எடுத்தது என்பதை முதலில் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. போன கிழமை காய்ச்சலும் சலக்கடுப்பும் எண்டு டொக்டரிட்ட காட்டினனாங்கள். இரத்தம் எடுத்ததில பி.எஸ்.ஏ 14.2 எண்டு வந்திருக்கு. நாலுக்குக் கீழ இருக்கோணுமாம். இது புற்றுநோயா? யாழ்ப்பாணத்தில பார்க்கலாமா, இல்லாட்டி உடனே கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகோணுமா?

பதில்:

இந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்றைக்கு எந்த முடிவுக்கும் வர முடியாது. புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. காய்ச்சலும் சலக்கடுப்பும் இருக்கும்போது எடுத்த இரத்தம் அது. அந்த நேரத்தில் பி.எஸ்.ஏ ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன், மருத்துவர் அல்ல. ஆனால் இந்தப் பரிசோதனையின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முகம் வெளிறி நின்ற பல பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பி.எஸ்.ஏ என்பது, ஆண்களுக்குச் சலப்பையின் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பி வழமையாகவே உண்டாக்கும் ஒரு புரதம். விந்தை நீர்மையாக வைத்திருப்பது அதன் வேலை. சுரப்பிக்குள்ளும் விந்திலும் அது மிக அதிகமாக இருக்கும், இரத்தத்தில் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உயிரணுக்களால் ஆன ஒரு தடுப்பு இருக்கிறது. தோட்டத்தில் வாய்க்கால் வரம்பு உடைந்தால் தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குள் பாய்வதுபோல, அந்தத் தடுப்பு எதனால் குலைந்தாலும் பி.எஸ்.ஏ இரத்தத்துக்குள் கசியும். புற்றுநோயும் அதைக் குலைக்கும், கிருமித்தொற்றும் குலைக்கும், சலம் அடைத்துக் குழாய் போட்டாலும் குலையும். வரம்பை உடைத்தது எது என்று இரத்தப் பரிசோதனைக்குத் தெரியாது. ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும்.

இதற்கு எங்கள் சித்தப்பாவின் கதையையே சொல்கிறேன். அவருக்கு அப்போது 68 வயது. சில மாதங்களாக இரவில் அடிக்கடி எழும்பிப் போவார், சலம் மெல்லிய தாரையாகப் போகிறது என்பார். ஒரு நாள் முற்றாக அடைத்துவிட்டது. வைத்தியசாலையில் குழாய் போட்டு எடுத்தார்கள். சலத்தில் கிருமியும் இருந்தது. அந்த நாட்களில் எடுத்த இரத்தத்தில் பி.எஸ்.ஏ 18.6. வீட்டில் சித்தி சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

அவரைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து எதையும் முடிவுசெய்ய மாட்டேன் என்றார். கிருமிக்கு மருந்து முழுவதையும் எடுக்கச் சொன்னார். சலம் போவதை இலகுவாக்க டாம்சுலோசின் குளிசை கொடுத்தார். குழாயைக் கழற்றி, எல்லாம் அமைதியான பிறகு, எட்டுக் கிழமை கழித்துத் திரும்ப இரத்தம் எடுக்கச் சொன்னார். அப்போது 6.4 வந்தது.

இவ்வளவு காலம் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இரத்தத்தில் இருக்கும் பி.எஸ்.ஏ இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் பார்த்தால் சீக்கிரம் இறங்கிவிட வேண்டும். ஆனால் காய்ச்சலும் கடுப்பும் போன பிறகும் சுரப்பிக்குள் அழற்சி மெல்லத்தான் ஆறும், அதுவரை கசிவு தொடரும். அதனால் தொற்றுக்கு வைத்தியம் முடிந்து குறைந்தது ஆறு கிழமையாவது போகட்டும் என்பதுதான் பொதுவான வழக்கம். சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகும். பத்து நாளில் திரும்ப எடுத்து, "இன்னும் 11 காட்டுது" என்று பயப்படுவதில் பயனில்லை.

அதேநேரம் 6.4 என்பதும் நாலுக்கு மேல்தான். இங்கேதான் பலர் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். சுரப்பி எவ்வளவு பெரியது என்று தெரியாமல் இந்த எண்ணை வாசிக்கக் கூடாது. வயது போகப் போகப் புரொஸ்டேட் வீங்குவது மிகச் சாதாரணம், அது புற்றுநோய் அல்ல. பெரிய சுரப்பி கூடுதலான பி.எஸ்.ஏயை உண்டாக்கத்தான் செய்யும். சித்தப்பாவின் ஸ்கான் ரிப்போர்ட்டில் மூன்று அளவுகள் இருந்தன: 5.4, 4.8, 5.0 சென்ரிமீற்றர். மூன்றையும் பெருக்கி, அதை 0.52 ஆல் பெருக்கினால் கனவளவு வரும். ஏறத்தாழ 67 மில்லிலீற்றர். சாதாரணமாக ஒரு ஆளுக்கு 20 முதல் 30 வரைதான் இருக்கும். இனி 6.4 ஐ 67 ஆல் வகுத்தால் 0.1 க்குச் சற்றுக் குறைவு. இந்த விகிதம் 0.15 க்குக் கீழே இருந்தால், வீங்கிய சுரப்பியே காரணமாக இருக்கும் வாய்ப்புக் கூடுதல் என்று எடுப்பார்கள். இதே 6.4, 30 மில்லிலீற்றர் சுரப்பி உள்ள ஒருவருக்கு வந்தால் விகிதம் 0.21 ஆகும், அவரை விடாமல் மேலே பார்ப்பார்கள். எண் ஒன்றுதான், ஆள் வேறு.

சித்தப்பாவுக்கு ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்த்ததிலும் சுரப்பி பெரிதாக, மிருதுவாக, கட்டி எதுவும் இல்லாமல் இருந்தது. இந்தச் சோதனைக்குப் பல ஆண்கள் வெட்கப்பட்டு மறுக்கிறார்கள். உங்கள் அப்பாவை மறுக்க விடாதீர்கள். பி.எஸ்.ஏ சாதாரணமாக இருந்தும் விரலுக்குக் கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டுப் புற்றுநோய் பிடிபடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, உங்கள் அப்பாவுக்கு இப்போது என்ன செய்வது?

முதலில் சலத்தைப் பரிசோதிக்க வேண்டும். முழுச் சலப் பரிசோதனையோடு கிருமி வளர்ப்புப் பரிசோதனையும் செய்வது நல்லது, ஏனென்றால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அதில்தான் தெரியும். ஆண்களுக்குக் காய்ச்சலோடு சலக்கடுப்பு வந்தால் தொற்று புரொஸ்டேட் வரை போயிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் மருந்து இரண்டு முதல் நான்கு கிழமை வரை தேவைப்படும். மூன்றாம் நாள் சுகமாகிவிட்டது என்று குளிசையை நிறுத்தினால் அது திரும்ப வரும், பி.எஸ்.ஏயும் இறங்காது. நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பினாலோ, சலம் போகாமல் அடைத்தாலோ, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

மருந்து முடிந்து ஆறு முதல் எட்டுக் கிழமையில் பி.எஸ்.ஏ திரும்ப எடுங்கள். முதலில் எடுத்த அதே ஆய்வுகூடத்தில் எடுத்தால் நல்லது. இயந்திரமும் இரசாயனமும் மாறினால் ஒரே இரத்தத்துக்கே வேறு எண் வரலாம், அப்போது எது உண்மையான ஏற்றம் என்று தெரியாமல் போகும். எடுப்பதற்கு முன் இரண்டு நாள் உடலுறவும் விந்து வெளியேற்றமும் வேண்டாம். அதே இரண்டு நாளும் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டாமல் இருப்பதும் நல்லது. எங்கள் ஊர் அப்பாமார் தோட்டத்துக்கும் சந்தைக்கும் சைக்கிளில்தான் போவார்கள், அதனால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

அவர் குடிக்கும் குளிசைகளைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள். பினாஸ்டெரைட், டியூட்டாஸ்டெரைட் என்ற இரண்டும் சுரப்பியைச் சுருக்குபவை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுத்தால் பி.எஸ்.ஏ ஏறத்தாழ பாதியாகிவிடும். அப்படிப்பட்ட ஒருவருக்கு 3.5 வந்தால் அதை 7 என்றுதான் வாசிக்க வேண்டும். டியூட்டாஸ்டெரைட்டும் டாம்சுலோசினும் ஒன்றாகச் சேர்ந்த குளிசையும் இருப்பதால், "சலம் போகத் தந்த குளிசை" என்று மட்டும் சொன்னால் போதாது, பெட்டியையே கொண்டுபோங்கள். டாம்சுலோசின் மட்டும் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை.

யாராவது உடனே "பிரீ பி.எஸ்.ஏ செய்து பாருங்கள்" என்று சொல்லக்கூடும். மொத்த பி.எஸ்.ஏ 4 க்கும் 10 க்கும் இடையில் நிற்கும்போது அது உதவும். இரத்தத்தில் வேறு புரதங்களோடு பிணையாமல் தனியாக நிற்கும் பி.எஸ்.ஏயைத்தான் பிரீ என்கிறார்கள்; இந்தப் பிணைப்பில்லாத பங்கு மொத்தத்தில் 25 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்ல அறிகுறி, 10 க்குக் கீழ் என்றால் கவனம் தேவை. ஆனால் தொற்று இருக்கும்போது இதைச் செய்வதில் அர்த்தம் இல்லை. இன்னொன்றும் உண்டு. இந்தப் பிணைப்பில்லாத பங்கு சீக்கிரம் சிதைந்துவிடும். இரத்தம் எடுத்துச் சில மணித்தியாலத்துக்குள் சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் சதவீதம் பொய்யாகக் குறைந்து காட்டும். இங்கே எடுத்துக் கொழும்புக்கு அனுப்பும் இடங்களில், பிரித்துக் குளிரில்தான் அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது எண் இறங்காமல் நின்றால், அல்லது சுரப்பியின் அளவோடு பொருந்தாமல் கூடுதலாக இருந்தால், அடுத்தது எம்.ஆர்.ஐ. அதில் சந்தேகமான இடங்களுக்கு 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள். 4, 5 என்றால் அந்த இடத்திலிருந்து ஊசியால் சதைத்துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். 1, 2 என்றால் பல நேரங்களில் அதைத் தவிர்த்து, பி.எஸ்.ஏயை மட்டும் தொடர்ந்து பார்த்துக்கொண்டு இருக்கலாம். புற்றுநோயா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்வது அந்தச் சதைத்துண்டுதான். இன்னொரு எச்சரிக்கை: தொற்று எதுவும் இல்லாத ஒருவருக்கு, எண்ணை இறக்கிப் பார்ப்பதற்காக மட்டும் கிருமிக்கொல்லி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி எண் இறங்கினாலும் புற்றுநோய் இல்லை என்று ஆகாது.

நான் சொன்ன காத்திருப்பு எல்லோருக்கும் பொருந்தாது. அப்பாவுக்கு முதுகு, இடுப்பு எலும்பில் விடாத நோ, காரணமில்லாத மெலிவு, கால் பலமிழப்பு இருந்தாலோ, விரல் சோதனையில் கட்டி தட்டுப்பட்டாலோ ஆறு கிழமை காத்திருக்க வேண்டாம். சலத்தில் இரத்தம் போனால் அதற்கும் தனியாகக் காரணம் தேட வேண்டும். அவருடைய தகப்பனுக்கோ சகோதரனுக்கோ புரொஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கொழும்புக்கு ஓட வேண்டிய தேவை இப்போது இல்லை. குடும்ப மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகலாம், அல்லது நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணிக் காட்டலாம். போகும்போது பி.எஸ்.ஏ துண்டு, சலப் பரிசோதனை, ஸ்கான், குளிசைப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் கொண்டுபோங்கள். பி.எஸ்.ஏ துண்டின் மேல் "காய்ச்சலும் சலக்கடுப்பும் இருந்தபோது எடுத்தது" என்று திகதியோடு உங்கள் கையால் எழுதி வையுங்கள். இன்னும் இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் பார்க்கும்போது 14.2 மட்டும்தான் அவர் கண்ணில் படும், அந்தக் கிழமை அப்பாவுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வேறு வழி இருக்காது.