ராஜம்மாளுக்கு எத்தனை வயது? பின்கதைகளில் வயதுக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: முதல் நாவலை முடித்திருக்கிறேன். கதை நடப்பது 2019 மே மாதம். தனுஷ்கோடிப் புயலின்போது பாட்டி ராஜம்மாளுக்கு 9 வயது. 19 வயதில் மகள் சாந்தியைப் பெற்றாள். சாந்திக்கு இப்போது 40. பட்டம் வாங்கிய பிறகுதான் அவளுக்குக் கல்யாணம். பேத்தி நிலாவுக்கு 20 வயது, கல்லூரி மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறாள். எங்கோ கணக்கு உதைக்கிறது என்று நண்பர் சொல்கிறார். எங்கே?

பதில்: சாந்தியின் 40 வயதில்தான் உதைக்கிறது. முதலில் எது நகராதது என்று பார்க்க வேண்டும். புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. அதை நீங்களும் நானும் மாற்ற முடியாது. அப்படிப்பட்ட தேதியை நான் ஆணி என்று சொல்வேன். அன்று 9 வயது நிறைந்திருந்தால் ராஜம்மாள் ஏறத்தாழ 1955-இல் பிறந்திருக்க வேண்டும். கதையில் வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு ஒரு முழுப் பிறந்த தேதியைக் கொடுத்துவிடுங்கள். 1955 ஜூலை 10 என்று வைத்துக்கொள்வோம். 19 வயதில் மகள் என்றால் சாந்தி 1974 ஜூலைக்கும் 1975 ஜூலைக்கும் இடையில் பிறந்தவள். 1975 பிப்ரவரி 14 என்று போட்டால், 2019 மே மாதத்தில் அவளுக்கு 44.

40 என்பதையே காப்பாற்றலாமே என்று தோன்றும். அப்போது ராஜம்மாள் அவளைப் பெற்றது 22 அல்லது 23 வயதில் என்று மாற்ற வேண்டும். அதோடு நின்றால் பரவாயில்லை. நிலா பிறக்கும்போது சாந்திக்கு ஏறத்தாழ 20 வயதுதான் ஆகியிருக்கும், பட்டம் வாங்கி, கல்யாணமாகி, பிள்ளையும் பெற அவளுக்குக் காலமே இருக்காது. 44 என்றால் எல்லாம் தானாகப் பொருந்துகிறது: 1992-இல் பிளஸ் டூ, 1995-இல் பட்டம், 1998 ஆகஸ்டில் நிலா. இதைத்தான் கட்டமாகப் போட்டுவைக்கச் சொல்கிறேன்.

| பாத்திரம் | பிறப்பு | 22 டிசம்பர் 1964 | 1 மார்ச் 1992 | 12 மே 2019 |
|---|---|---|---|---|
| ராஜம்மாள் | 10 ஜூலை 1955 | 9 | 36 | 63 |
| சாந்தி | 14 பிப்ரவரி 1975 | – | 17 | 44 |
| நிலா | 20 ஆகஸ்ட் 1998 | – | – | 20 |

கட்டத்தைக் குறுக்கே படித்தால் ஒருவருடைய வாழ்க்கை தெரியும். மேலிருந்து கீழே படித்தால் அந்தக் காட்சியில் நிற்பவர்களின் உறவு தெரியும். தாய்க்கும் மகளுக்கும் உள்ள இடைவெளி இரண்டு காட்சிகளிலும் 19 ஆக இருப்பதைப் பாருங்கள். இவர்கள் இருவரையும் ஆகஸ்டு மாதக் காட்சி ஒன்றில் வைத்தால் அது 20 ஆகும், ஏனென்றால் ஜூலையில் தாய்க்கு ஒரு வயது கூடிவிடும், மகளுக்குப் பிப்ரவரிவரை கூடாது. அந்த ஒரு வருட ஆட்டம் பிழையன்று. இடைவெளி அதற்கு மேல் மாறினால் எங்கோ தவறு இருக்கிறது.

கேள்வி: இதற்கு அட்டவணை எதற்கு? பிறந்த ஆண்டை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கழித்தால் போதும். மூன்று நாவல்களை நான் அப்படித்தான் எழுதினேன்.

பதில்: பாதி சரி. பிறந்த ஆண்டை எழுதிவைப்பவர்களே குறைவு என்பதால் நீங்கள் பலரைவிட முன்னால் நிற்கிறீர்கள். ஆனால் மேலே உள்ள நிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2019-இலிருந்து 1998-ஐக் கழித்தால் 21 வருகிறது, மே மாதத்தில் அவளுக்கு 20 தான். 63 வயதில் ஒரு வருடம் முன்பின்னாக இருந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. பள்ளி வகுப்பு, பெண்ணின் கல்யாண வயது, வாக்குரிமை போன்ற விளிம்புகளில் அந்த ஒரு வருடம் கதையையே கவிழ்க்கும்.

நம் பேச்சு வழக்கு இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. "எனக்கு அப்போ பத்து நடக்குது" என்று பெரியவர்கள் சொல்வது நிறைந்த வயதை அன்று. அது 9 நிறைந்த பிள்ளையைக் குறிக்கும். நான் செம்மைப்படுத்திய கைப்பிரதி ஒன்றில் கதைசொல்லி 9 என்றும் பாட்டி 10 என்றும் சொன்னார்கள், இரண்டுமே சரி. அதை முரண் என்று நினைத்த எழுத்தாளர் பாட்டியின் வசனத்தை 9 என்று மாற்றிவிட்டு, அதற்கேற்பப் பிறந்த ஆண்டையும் தள்ளி, வேண்டாத சிக்கலில் மாட்டிக்கொண்டார். கட்டத்தில் எப்போதும் நிறைந்த வயதையே எழுதுங்கள். வசனத்தில் நடப்பு வயது வந்தால் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் "வசனத்தில் 10" என்று ஒரு குறிப்புப் போதும்.

கேள்வி: என் கதையில் தாத்தா "குரோதி வருஷம் தை மாசம் பிறந்தவன் நான்" என்கிறார். 1964 ஜனவரி என்று குறித்துக்கொண்டேன். சரிதானே?

பதில்: 1965 ஜனவரி அல்லது பிப்ரவரி. குரோதி 1964 சித்திரையில் தொடங்கியது, அதன் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில்தான் வரும். 60 ஆண்டு கழித்து 2024 சித்திரையில் குரோதி திரும்பியது. உங்கள் தாத்தாவுக்கு மணிவிழாக் காட்சி இருந்தால் அதையும் ஒத்துப்பாருங்கள்.

கேள்வி: கணினியில் போட்டால் வயது தானாக வருமா? எனக்கு எக்செல் ஓரளவுதான் தெரியும்.

பதில்: வரும். A பத்தியில் பெயர்கள், B பத்தியில் பிறந்த தேதிகள், முதல் வரிசையில் C1 தொடங்கிக் காட்சித் தேதிகள். C2-இல் கீழ்க்கண்டதை எழுதி, வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுத்துவிடுங்கள்.

```
=DATEDIF($B2,C$1,"Y")
```

இது நிறைந்த வயதையே தரும். சில கட்டங்களில் `#NUM!` என்று வரும்; அந்தக் காட்சியின்போது அந்தப் பாத்திரம் இன்னும் பிறக்கவில்லை என்று அதற்குப் பொருள். அசிங்கமாக இருக்கிறதே என்று அழித்துவிடாதீர்கள். பிறக்காத மாமா திருமண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்ததை ஒருமுறை அதுதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

கதையின் நிகழ்காலத்துக்கு மட்டும் `TODAY()` போடாதீர்கள். நீங்கள் நான்கு வருடம் எழுதினால் நான்கு வருடமும் எல்லாருக்கும் வயது ஏறிக்கொண்டே போகும். நிகழ்காலத்தைத் தெரிந்தே மாற்றுவது வேறு. 2019-ஐ 2024 ஆக்கினால் நிலாவுக்கு 25 ஆகிவிடுவதை அந்தப் பத்தி உடனே காட்டும். அவளைக் கல்லூரியிலிருந்து வேலைக்கு அனுப்புவதா, பிறந்த தேதியைத் தள்ளுவதா என்று நீங்கள் முடிவுசெய்யலாம். வரலாற்று நாவல் எழுதுபவர்கள் கையாலேயே கட்டம் போடுவது நல்லது, 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாக ஏற்பதில்லை.

கேள்வி: அப்படியானால் நாவலைக் காலவரிசைப்படிதான் எழுத வேண்டும் என்கிறீர்களா? முன்னும் பின்னுமாகச் செல்வதுதான் என் நாவலின் அழகே.

பதில்: இல்லை, அப்படிச் சொல்லவில்லை. கட்டம் காலவரிசையில் இருக்கும், நாவல் உங்கள் விருப்பப்படி இருக்கும். கட்டத்தின் கடைசி வரிசையில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே அத்தியாய எண்ணை எழுதிவிடுங்கள். புயல் மூன்றாம் அத்தியாயத்தில் வரலாம், பிளஸ் டூ தேர்வு பதினொன்றில் வரலாம். அத்தியாயங்களை இடம் மாற்றும்போது அந்த ஒரு வரிசை மட்டுமே மாறும், வயதுகள் அசையாது. மாறாக, "இருபது வருஷத்துக்கு முன்னால" போன்ற தொடர்கள் அத்தியாயத்தோடு சேர்ந்து நகர்ந்து பொய்யாகிவிடும். கைப்பிரதியில் வயது, வருஷம், ஆண்டு, முன்னால் ஆகிய சொற்களைத் தேடி ஒவ்வொன்றையும் கட்டத்தோடு ஒத்துப்பாருங்கள். 1992-ஐப் பற்றி 2019-இல் பேசும் சாந்தி "இருபத்தஞ்சு வருஷமாச்சு" என்றால் மனிதர் பேச்சு; "இருபது" என்றால் என் காதுக்கு இடறுகிறது.

கேள்வி: நான் குறும்படம் எடுத்தேன். பின்கதையில் அக்காவுக்கு 9, தம்பிக்கு 6. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. திரையில் தம்பி அண்ணனாகத் தெரிந்தான்!

பதில்: திரைக்கதைக்கு இன்னும் ஒரு வரிசை வேண்டும்: நடிப்பவரின் உண்மை வயது, அதுவும் படப்பிடிப்பு நாளன்று. 6 வயதுப் பாத்திரத்துக்கு 8 வயதுப் பையனையும், 9 வயதுப் பாத்திரத்துக்கு அதே 8 வயதுச் சிறுமியையும் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தனித்தனியே பார்த்தால் இருவரும் பொருந்துவார்கள், பக்கத்தில் நிறுத்தினால்தான் வேறுபாடு தெரியும். தேர்வுக்கு வரும்போதே இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் பாருங்கள். படப்பிடிப்பின் இரண்டு கட்டங்களுக்கு இடையே ஆறேழு மாதம் போனால் குழந்தை வளர்ந்துவிடும், பல் விழுந்துவிடும். ஒரே பின்கதையின் காட்சிகளை ஒரே கட்டத்தில் எடுத்துவிடுவது தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சாந்தியின் 17, 44 இரண்டையும் ஒரே நடிகை செய்யலாமா என்பதற்கு இன்றுவரை என்னிடம் உறுதியான பதில் இல்லை. சிலருக்குப் பொருந்துகிறது, பலருக்குப் பொருந்துவதில்லை.

கேள்வி: என் அப்பாவை வைத்து ஒரு பாத்திரம் எழுதுகிறேன். தமிழக அரசு ஊழியர், பிறந்தது 1962 ஜூலை. 2020 ஜூலையில் 58 வயதில் ஓய்வு பெறுகிறார், அன்று இரவு பின்கதை தொடங்குகிறது.

பதில்: அந்த இரவு நடக்காது. 2020 மே மாதத்திலேயே ஓய்வு வயது 59 ஆகிவிட்டது. 2021-இல் அது 60 ஆனது. உங்கள் பாத்திரம் வீட்டுக்கு வருவது 2022 ஜூலை இறுதியில். 58-இலேயே அனுப்ப வேண்டுமென்றால் பிறப்பை 1961-க்குத் தள்ளி, ஓய்வை 2019-இல் வையுங்கள்.

அதற்கு முன் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். தலைக்கு மேலாகக் கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட தலைமுறையில் பலருக்குத் தலைமையாசிரியர் எழுதிய பிறந்த தேதியும் வீட்டில் சொல்லும் தேதியும் வேறு வேறு. ஓய்வு சான்றிதழ்த் தேதியைப் பார்த்து வரும். மணிவிழா வீட்டுத் தேதியைப் பார்த்து வரும். அப்படிப்பட்ட பாத்திரத்துக்குக் கட்டத்தில் இரண்டு வரிசைகள் வேண்டும்.

கேள்வி: என் பாட்டிப் பாத்திரம் தன் வயதைத் தவறாகச் சொல்வதாகவே எழுதியிருக்கிறேன். மெய்ப்புப் பார்த்தவர் திருத்திவிட்டார். சண்டை போடலாமா?

பதில்: அவர்மீது தவறில்லை, அவருக்கு உங்கள் கட்டம் கிடைக்கவில்லை. கைப்பிரதியோடு கட்டத்தையும் அனுப்பி, அந்த இடத்தில் "பாட்டி மறந்து சொல்கிறாள், திருத்த வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். வாசகருக்கு அது தெரிய வேண்டுமா என்பது வேறு கேள்வி. பக்கத்தில் இருக்கும் மகள் "உனக்கு அப்போ அவ்ளோ வயசா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்பது என் எண்ணம். அந்த ஒரு வார்த்தைகூட வேண்டாம், கணக்குப் போடும் வாசகர் தாமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று என்னோடு வாதாடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். உங்கள் பாட்டியின் மறதி பின்னால் கதையில் எங்காவது பயன்படுகிறதா என்று சொன்னால் இன்னும் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.