சதுர அடி விலையை மட்டும் பார்த்து ஃபிளாட் வாங்கலாமா?

மேடவாக்கத்தில் ஒருவர் 1,200 சதுர அடி சூப்பர் பில்ட்-அப், அடிக்கு ரூ.6,500 என்கிறார். இன்னொருவர் 900 பில்ட்-அப், ரூ.8,000 என்கிறார். எது மலிவு?

மொத்த விலையைக் கார்ப்பெட் ஏரியாவால் வகுத்துப் பாருங்கள். கார்ப்பெட் என்பது சுவருக்குள் நாம் புழங்கும் தரை. வெளிச்சுவர், பால்கனி சேர்ந்தால் பில்ட்-அப். லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதையில் நம் பங்கும் சேர்ந்தால் சூப்பர் பில்ட்-அப். அந்தப் பங்கு ஒவ்வொரு கட்டடத்துக்கும் மாறும், அதனால்தான் குழப்பம். கோயம்பேட்டில் பலாப்பழத்தை முழுசாக எடை போட்டு வாங்கினாலும், வீட்டுக்கு வருவது சுளைதானே!

முதல் வீடு 78 லட்சம், கார்ப்பெட் 800: அடிக்கு ரூ.9,750. இரண்டாவது 72 லட்சம், கார்ப்பெட் 750: ரூ.9,600. முதலில் அடி விலை கூட என்று தோன்றிய இரண்டாவது வீடுதான் மலிவு. கார்ப்பெட் அளவை விளம்பரத்தில் தேடாமல் ஒப்பந்தப் பத்திரத்தில் பாருங்கள்.

பால்கனியும் கார்ப்பெட்டில் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள்; ரெரா சட்டப்படி சேராது, அறைகளுக்கு இடையே உள்ள உள்சுவர்தான் சேரும்.